சட்டையில் விழுந்த நிழலைக் கொண்டு கோட்டுக்கு நிழல் போடுவது

"அண்ணா, சுங்கை சிப்புட்டில் சின்ன போட்டோ கடை வைத்திருக்கிறேன். தோட்ட வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் ஒரு தாத்தா படத்துக்குக் கோட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போட்டோஷாப்பில் Generative Fill போட்டால் கோட் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் தோளில் உட்காராமல் ஒட்டி வைத்த மாதிரி தெரிகிறது. வெயிலும் நிழலும் முகத்தோடு சேர என்ன செய்வது?"

தம்பி, அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன். கோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். தாத்தாவின் தாடையும் காதும் அந்த வெயிலில் எங்கே நிழல் போட்டன, அந்த நிழல் எவ்வளவு கறுப்பு, என்ன நிறம், விளிம்பு எவ்வளவு கூர்மை எல்லாமே அந்தச் சட்டையில் பதிந்திருக்கின்றன. நீங்கள் சட்டை முழுவதையும் செலக்‌ஷனுக்குள் போட்டுக் கோட் கேட்டிருக்கிறீர்கள். அதோடு அந்தத் தடயம் போய்விட்டது. மென்பொருளுக்கு வெயில் எந்தப் பக்கம் என்று ஊகிக்க முகமும் சுவரும்தான் மிச்சம். அதனால் ஸ்டூடியோவில் முன்பக்க விளக்கில் எடுத்தது போன்ற ஒரு கோட்டைத் தந்துவிட்டது. இரண்டு தோளும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே முதல் வேலை, மூலப்படத்தின் லேயரை ஒரு நகல் எடுத்து "சட்டை" என்று பெயர் வைத்து, அழிக்காமல் வைத்திருப்பது. கடைசி வரை அது வேண்டும்.

இப்போது வெளிச்சத்தைப் படிப்போம். தாத்தா நேராகக் காமிராவைப் பார்க்கிறார். மூக்கு நுனியின் நிழல், நாம் பார்க்கும்போது வலது பக்கமாக, வாயின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து விழுகிறது. மூக்கு நுனியிலிருந்து அதன் நிழல் நுனிக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வெயில் இடது மேலிருந்து, ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில் வருகிறது. நம் பக்கத்தில் காலை பத்து மணி வெயில் கிட்டத்தட்ட இந்த உயரத்தில்தான் இருக்கும். நம் கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, சுங்கை சிப்புட்டோ 101 டிகிரியில் இருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணியை ஒட்டித்தான். மத்தியானப் படங்கள் வேறு கதை. கண்குழி இருண்டு, தாடை நிழல் கழுத்தை முழுக்க மூடி, இரண்டு தோளின் மேற்புறமும் ஒரே மாதிரி வெளுத்து, நெஞ்சு மங்கியிருக்கும். அந்த மாதிரிப் படத்தில் ஒரு தோளை மட்டும் இருட்டாக்கினால் தப்பு. உங்கள் படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. இடது தோளில் நல்ல வெயில். வலது தோளில் தலையின் நிழல் கழுத்தோரத்திலிருந்து தோள் பாதி வரை படர்ந்திருக்கிறது.

சரி, கோட்டைத் திரும்ப உருவாக்குங்கள், ஆனால் செலக்‌ஷனை மாற்றி. சட்டைக் காலரையும், கோட் திறந்திருந்தால் நடுவில் தெரியும் சட்டைப் பகுதியையும் தொடாமல் விடுங்கள். தாடை நிழலின் முக்கியமான பாகம் அந்த முக்கோணத்தில் இருக்கிறது. அது நிஜமான நிழல், நாம் என்ன வரைந்தாலும் அதற்கு ஈடாகாது. வெளிப்பக்கம் மட்டும் தோளின் விளிம்பைத் தாண்டி 40 பிக்சல் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குள் தோள் பஞ்சு இருக்கும், சட்டையைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். இடம் கொடுக்காவிட்டால் கோட் சட்டையின் தொங்கிய தோளிலேயே ஒட்டிக்கொண்டு வரும். இடது பாதி, வலது பாதி என்று பிரித்து உருவாக்காதீர்கள், ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு வெயிலோடு வந்து நிற்கும். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
plain dark navy wool suit jacket, open, unbuttoned, no tie,
flat even texture, daylight from upper left
```

வெயிலின் திசையை எழுதினாலும் அது கேட்கும் என்று நம்பிவிடாதீர்கள், சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. ஒரு தடவைக்கு மூன்று வகை தரும். அழகாக நிழல் போட்டிருப்பதை எடுக்க கை துறுதுறுக்கும். அதை விடுங்கள். இருப்பதிலேயே தட்டையாக, நிழல் குறைவாக வந்த கோட்டை எடுங்கள். தட்டையான துணியில் நாம் நிழல் போட்டுக்கொள்ளலாம், தப்பான நிழலைத் துணியிலிருந்து கழற்றுவது பெரும்பாடு.

நல்ல கோட் ஒன்று வந்து, வெயில் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தால் Flip Horizontal போட்டுத் திருப்பலாமே என்று தோன்றும். ஆண்கள் கோட்டில் நெஞ்சுப் பை அணிந்தவரின் இடது பக்கம் இருக்கும், பொத்தான் போட்டால் இடது பாகம் வலது பாகத்தின் மேல் வரும். திருப்பினால் இரண்டும் மாறிவிடும். தையல் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் மாலை போட்ட படத்தின் முன்னாலேயே சொல்லிவிடுவார். பை இல்லாத, பொத்தான் போடாத கோட்டை மட்டும் திருப்புங்கள்.

அடுத்து கோட்டின் அடிப்படை வெளிச்சம். வெயில் படும் வெள்ளைச் சட்டை உங்கள் படத்தில் 230 அளவில் இருக்கிறது. அதே வெயிலில் ஒரு கருநீலக் கம்பளித் துணி 60ஐ ஒட்டித் தெரிய வேண்டும். உங்களுக்கு வந்த கோட் வெயில் படும் தோளிலேயே 25 காட்டியது. அதுதான் அது துளை போட்ட மாதிரித் தெரிந்ததற்குக் காரணம். ஒரு Curves லேயரைக் கோட்டோடு மட்டும் இணைத்து, இடது தோளின் மேற்புறம் 60 வரும் வரை தூக்குங்கள். தோளின் மேற்புறம் வெயிலைப் பார்த்து நிற்பதால் அதுதான் கோட்டிலேயே வெளிச்சமான இடம், நெஞ்சுப் பகுதி அதைவிட ஒரு படி குறைவு. வலது கைப்பக்கம் வெயிலுக்கு முதுகு காட்டுகிறது, அங்கே தூக்கக் கூடாது. லேயரின் மாஸ்க்கில் பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் மறைத்துவிடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை, தலையின் நிழல். எவ்வளவு கறுப்பு என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். "சட்டை" லேயரில் Eyedropper வைத்து, வெயிலில் ஒரு புள்ளி, பக்கத்தில் நிழலில் ஒரு புள்ளி எடுங்கள். நான் எடுத்தபோது வெயிலில் சிவப்பு 236, பச்சை 230, நீலம் 216 வந்தது. நிழலில் 104, 110, 120. ஒவ்வொரு நிழல் எண்ணையும் அதன் வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்கினால் 112, 122, 142 கிடைக்கும். கோட்டின் மேல் ஒரு புது லேயர் போட்டு, கோட்டோடு Clipping Mask செய்து, Multiply ஆக்கி, இந்த நிறத்தால் நிரப்புங்கள். 60 இருந்த துணி நிழலில் 29க்கு இறங்கும். வெயிலின் ஒளியை நேரடியாகக் கணக்குப் போட்டால் இன்னும் நாலைந்து குறைய வேண்டும். ஆனால் அச்சில் அந்த வித்தியாசம் தெரியாது, 29 போதும்.

வெறும் கறுப்பை எடுத்து நாற்பது சதவீதம் என்று போடாமல் இந்த நிறத்தை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிழலுக்குள் வெயில் வராது, வானத்து வெளிச்சம் வரும். அதனால்தான் நீலம் மற்ற இரண்டைவிடக் குறைவாக இறங்கியிருக்கிறது. தோட்ட வீட்டு வாசலில் செம்மண் இருந்தால் கீழிருந்து இன்னொரு வெளிச்சமும் வரும். தாடையின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருப்பதைப் பாருங்கள், அது மண்ணின் நிறம். கோட்டில் கீழ்நோக்கி இருக்கும் மடிப்புகளின் அடியில் அதே சிவப்பைத் துளி போலச் சேர்த்தால் போதும்.

நிழலின் வடிவத்துக்கு "சட்டை" லேயரைக் காட்டி, வலது தோளில் விழுந்த நிழலின் விளிம்பை Pen Tool கொண்டு அப்படியே வரைந்துகொள்ளுங்கள். ஆனால் அப்படியே கோட்டின் மேல் வைத்தால் சரியாக வராது. கோட்டின் தோள் சட்டையைவிட உயரத்தில் இருக்கிறது, நிழல் விழும் பரப்பு மேலே வந்துவிட்டால் நிழல் நீளம் குறையும். 40 டிகிரி வெயிலில் பரப்பு 1 செ.மீ. உயர்ந்தால், தோளின் மேற்புறத்தில் நிழலின் விளிம்பு சுமார் 1.2 செ.மீ. கழுத்தை நோக்கி நகரும். படத்தில் இதை எப்படி அளப்பது? பெரியவர்களின் தலை, உச்சியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய 23 செ.மீ. உங்கள் படத்தில் அது 700 பிக்சல். அப்படியென்றால் 1 செ.மீ. என்பது 30 பிக்சல். கோட் 1 செ.மீ. உயர்ந்திருப்பதாக வைத்து, விளிம்பை 36 பிக்சல் கழுத்துப் பக்கம் தள்ளுங்கள். வாசலில் நின்று எடுத்த படம் என்பதால் தோளின் மேற்புறம் சற்றுச் சுருங்கித்தான் தெரியும். எனவே 25இல் தொடங்கி, மூக்கு நிழலின் கோட்டுக்கு ஏற்றபடி பார்த்துத் தள்ளலாம்.

நிழல் வழுவழுவென்று ஒரே கோடாகப் போகக் கூடாது. காலரிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் மடிப்பு துணியிலிருந்து தூக்கி நிற்கிறது. நிழல் அதன் மேல் ஏறும்போது விளிம்பு கழுத்துப் பக்கம் ஒரு சின்னப் படி எடுக்கும், இறங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பும். தோளின் உச்சியைத் தாண்டினால் கீழ்நோக்கி வளையும். இந்த ஒரு படி இருந்தாலே பார்ப்பவர் கண் அங்கே துணி இருப்பதாக நம்பிவிடும். நிழலின் விளிம்பு மடிப்பைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போனால், எவ்வளவு நல்ல கோட்டாக இருந்தாலும் அட்டையில் வெட்டியது போலத்தான்.

விளிம்பின் கூர்மையில்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். நிழல் என்றாலே மெத்தென்று இருக்க வேண்டும் என்று நினைத்து, Gaussian Blur எடுத்து 30, 40 என்று வைத்துவிடுகிறார்கள். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். நேர் வெயிலில் ஒரு நிழலின் விளிம்பு மங்கும் அகலம், நிழல் போடும் பொருளுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான். தாத்தாவின் தாடையிலிருந்து வலது தோளுக்கு வெயில் போகும் வழியில் 20 செ.மீ. இருக்கலாம். அதன் நிழல் விளிம்பு 2 மி.மீ. மட்டுமே மங்கும், உங்கள் படத்தில் 6 பிக்சல். கழுத்தை ஒட்டிய இடத்தில் அதைவிடக் குறைவு. ஆகவே Blur 2 அல்லது 3 வைத்தால் போதும். மூக்கின் நிழல் கத்தி போல் கூராக இருக்க, தோளில் மட்டும் நிழல் பனிமூட்டம் போல் பரவினால், முகம் வெயிலிலும் கோட் மழை மேகத்துக்குக் கீழும் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அனுப்பியதில் நடந்திருப்பது இதுதான்.

இன்னொன்று, இதை யாரும் எளிதில் சொல்லித் தர மாட்டார்கள். நிழலின் மேல் நிழல் விழாது. துணி தானாகவே வெயிலுக்கு முதுகு காட்டி இருண்டிருக்கும் இடத்தில், அதாவது வலது கையின் வெளிப்பக்கம், மடிப்பின் அடி, கைமூட்டுத் தையலின் உள்பக்கம், தலையின் நிழல் போய்ச் சேர்ந்தாலும் அது மேலும் கறுக்காது. அங்கே ஏற்கெனவே வெயில் இல்லையே. உங்கள் Multiply லேயர் இது தெரியாமல் அங்கேயும் ஒருமுறை பெருக்கிவிடும், 29 இருக்க வேண்டிய இடம் 14 ஆகிவிடும். அதனால் அந்த லேயரின் மாஸ்க்கில் அப்படிப்பட்ட இடங்களை மறைத்துவிடுங்கள். மறைத்த பிறகு, தலையின் நிழலும் துணியின் சொந்த நிழலும் ஒரே கறுப்பில் ஒன்றோடொன்று கலந்து போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கோடு தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

அப்புறம் கோட் சட்டையின் மேல் போடும் நிழல். இது சின்ன வேலைதான், ஆனால் வெள்ளைச் சட்டை என்பதால் முதலில் கண்ணில் படுவது இதுவே. உருவாக்கிய கோட்டில் இரண்டு மடிப்பின் ஓரத்திலும் ஒரே அளவில் மெல்லிய இருட்டு இருந்தது, அது முன்பக்க விளக்கின் வேலை. உங்கள் தாத்தாவுக்கு வெயில் இடது மேலிருந்து வருகிறது. இடது மடிப்பின் ஓரம் வெயிலை மறைத்து, சட்டையின் மேல் வலப்புறமாக நிழல் போட வேண்டும். வலது மடிப்பின் ஓரம் வெயிலை நேராக வாங்குகிறது. அதன் பக்கத்தில் சட்டையில் நிழலே இருக்கக் கூடாது, மாறாக மடிப்பின் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு இருக்கும். ஆனால் கழுத்துக்கு அருகில் தலையின் நிழல் ஏற்கெனவே விழுந்த பகுதியில் அந்த ஒளிக்கோடு வராது, அதை அங்கே நிறுத்திவிடுங்கள்.

இடது மடிப்பு போடும் நிழலின் அகலம், மடிப்பு எவ்வளவு தூக்கி நிற்கிறதோ ஏறக்குறைய அந்த அளவு. நெஞ்சின் நடுவில் 6 அல்லது 7 மி.மீ. தூக்கி நின்றால் 20 பிக்சல் அகலம். மேலே காலரில் துணி உடம்போடு ஒட்டும் இடத்தில் அது ஒன்றுமில்லாமல் மெலிய வேண்டும். நிறம் அதே 112, 122, 142தான், Multiply தான். இந்தத் தூரம் 1 செ.மீ.க்கும் குறைவு, அதனால் விளிம்பை மங்கலாக்கவே வேண்டாம். படத்தின் பொதுவான மங்கலுக்கு ஏற்ப ஒரு பிக்சல் போதும்.

கழுத்தின் பின்பக்கம் கோட் காலர் சட்டைக் காலரைத் தொடும் இடத்தில் ஒரு நூல் அளவுக்குக் கறுப்பு வேண்டும். இரண்டு துணி தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்கில் வானத்து வெளிச்சமும் நுழையாது. இதற்கு 3 பிக்சல் பிரஷ், ஒரே இழுப்பு. தாத்தாவின் முடியில் உள்ள கறுப்பை அளந்து, அதைவிடக் கறுப்பாக விடாதீர்கள். பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் செய்திருந்தால் இது இன்னும் முக்கியம். வெளுத்துப்போன படத்தில் முடியே 35 இருக்கும், அந்தப் படத்தில் கோட் மட்டும் 10க்கு இறங்கினால் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட படத்துக்கு நான் மேலே சொன்ன 60, 29 எதுவும் செல்லாது, அந்தப் படத்துச் சட்டையை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.

தாத்தாவுக்குப் பின்னால் பலகைச் சுவரில் அவருடைய நிழலும் இருக்கிறது. தோள் 1 செ.மீ. உயர்ந்ததால் அங்கே ஒன்றும் ஆகாது. ஆனால் அரைக்கைச் சட்டையின் கை நிழல் மெல்லியதாகத் தெரிகிறது. கோட்டின் கை பருமன் அதிகம், அந்த நிழலை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். வேறு வேலை அங்கே இல்லை.

சரி பார்ப்பதற்கு நான் செய்வது இது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு Black & White லேயர் போட்டு, படத்தைத் திரையில் பெருவிரல் நகம் அளவுக்குச் சுருக்குவேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, கோட்டை மட்டும் பார்த்து வெயில் எங்கிருந்து வருகிறது என்று கடையில் நிற்கும் யாரையாவது கேட்பேன். பிறகு கோட்டை மூடி முகத்தைக் காட்டிக் கேட்பேன். இரண்டு முறையும் அவர் ஒரே மூலையைக் காட்ட வேண்டும். நாமே பார்த்தால் பல மணி நேரம் பார்த்துப் பழகிய கண் பொய் சொல்லும்.

இதெல்லாம் நேர் வெயில் படத்துக்கு. தாத்தா தகரக் கூரைக்குக் கீழே அஞ்சடியில் நின்றிருந்தால் கணக்கு மாறும். அங்கே வெளிச்சம் திறந்த பக்கம் முழுவதிலிருந்தும் வருகிறது, கூரான நிழல் எதுவும் இருக்காது, 30 பிக்சல் Blur அங்கேதான் பொருந்தும். வடிவம் வரைவதைவிட இடுக்குகளை இருட்டாக்குவதே வேலையாக இருக்கும். பால்மரத்துக்குக் கீழே நிற்கும் படத்தைத் தந்தால் முடிந்தவரை வேறு படம் கேளுங்கள். இலை இடுக்கு வழியாக விழும் வெயில் வட்ட வட்டமாக முகத்தில் படிந்திருக்கும். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம். அவை கோட்டின் மடிப்பில் எங்கே விழும், எப்படி நீளும் என்பதைக் கையால் வரைந்து நம்ப வைப்பது மிகக் கடினம். சட்டையில் விழுந்த வட்டங்களை Multiply இல் எடுத்து வர முயன்றால் சட்டையின் சுருக்கமும் கூடவே வந்துவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன், வலது தோளிலிருந்து நெஞ்சு மடிப்பு வரை உள்ள ஒரு துண்டை மட்டும் வெட்டி, அதே தாளில் சின்னதாக அச்சிட்டுப் பாருங்கள். திரையில் பிரிந்து தெரியும் 29உம் 20உம் சில தாளில் ஒரே கறுப்பாகிவிடும், மடிப்பின் மேல் நிழல் எடுத்த அந்தப் படி காணாமல் போய்விடும். அப்படி ஆனால் நிழலைத் தொடாதீர்கள். கோட்டின் Curves இல் கீழ்ப்பகுதியை மட்டும் எட்டு, பத்து அளவு தூக்கி மறுபடி ஒரு துண்டு அச்சிடுங்கள்.